சேமிப்பு 20 பங்கு என்று எழுதினோம், வருடக் கடைசியில் நின்றது 5

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். சம்பளத்தைத் தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்களே, அப்படி மூன்று தடவை ஆரம்பித்தோம். மூன்று தடவையும் நாலாவது, ஐந்தாவது மாதத்தில் குலைந்துவிட்டது. சேமிப்பில் போட்டதை நாங்களே எடுத்துவிடுகிறோம். தேவைக்கே 60-க்கு மேல் போகிறது. "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்கிறார் கணவர். நாங்கள் வீண்செலவு செய்கிறவர்களும் இல்லை. எங்கே தப்பு செய்கிறோம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பட்ஜெட் எந்த மாதத்தில் குலைந்தது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே பெரிய துப்பு. தாராளமாகச் செலவு செய்கிற வீட்டில் பட்ஜெட் முதல் மாதமே, மூன்றாவது வாரத்திலேயே முறிந்துவிடும். மூன்று நான்கு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, அப்புறம் ஒரே அடியில் சாய்கிறது என்றால், அந்த மாதத்தில் ஏதோ ஒரு பெரிய பில் வந்திருக்கிறது. பள்ளிக் கட்டணமோ, காப்பீட்டு பிரீமியமோ, வண்டி ரிப்பேரோ. மாதாமாதம் வராத செலவு என்பதால் உங்கள் பட்ஜெட் தாளில் அதற்கு வரியே இருந்திருக்காது. தாளில் இல்லாத செலவுக்குப் பணம் வேறெங்கே இருக்கும்? சேமிப்பில்தான். அதனால் எடுத்தீர்கள். நீங்கள் உறுதி குலைந்ததாக நினைக்க வேண்டாம். கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்குள் போகும் முன் அந்த 50-30-20 பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகள் அமெலியா வாரன் தியாகியும் 2005-ல் எழுதிய ஒரு நூல் வழியாகத்தான் இந்தப் பிரிப்பு பரவலானது. வரி போகக் கையில் வருகிற வருமானத்தில் தேவைகள் பாதிக்குள் அடங்கினால், வேலை போனாலோ நோய் வந்தாலோ குடும்பம் தாக்குப்பிடிக்கும் என்பது அதன் அடிப்படை. அது ஒரு குறி. எல்லா வீட்டுக்கும் இன்றே பொருந்தியாக வேண்டிய சட்டம் கிடையாது. வருமானம் குறைவாக இருக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கே பெரிய பங்கு போய்விடும், வருமானம் கூடக்கூட அந்தப் பங்கு சுருங்கும் என்று 1857-லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் தொழிலாளர் குடும்பக் கணக்குகளை வைத்து எழுதிவிட்டார். ஆகவே தேவைக்கு 60-க்கு மேல் போகிறது என்பதை வைத்து மட்டும் ஒரு வீடு தவறு செய்கிறது என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் படிக்கும் வயதில், வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பதும் 60-க்கு மேற்பட்ட எண்தான்.

உங்கள் நிலைமையை ஒத்த ஒரு வீட்டின் கணக்கை இங்கே விரித்துச் சொல்கிறேன். கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, ஒரு வண்டிக் கடன். அவர்கள் வருமானம் எவ்வளவு என்பது நமக்கு வேண்டாம். இருவர் கையிலும் மாதம் வருவதைக் கூட்டி அதை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வருமானத்தை 100-ஆல் வகுத்தால் உங்கள் ஒரு பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்புறம் இந்தக் கணக்கை அப்படியே உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த 100-ல் எதைச் சேர்ப்பது என்பதில் பலர் வழுக்குவார்கள். பிடித்தமெல்லாம் போகக் கணக்கில் வந்து விழும் தொகைதான் 100. சம்பளச் சீட்டின் மேல்வரியில் இருக்கும் மொத்தத் தொகையை எடுத்தால் தொடக்கமே பிசகிவிடும். ஓய்வுக்காலத்துக்கு என்று சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டால் அதை வருமானத்திலும் சேர்க்காதீர்கள், சேமிப்பிலும் சேர்க்காதீர்கள். ஒரு பக்கம் விட்டுவிட்டு மறுபக்கம் மட்டும் சேர்த்தால், சேமிப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். போனஸ், கூடுதல் நேர ஊதியம் இரண்டும் 100-க்கு வெளியே இருக்கட்டும். மாதாமாதம் வருமானம் ஏறி இறங்குகிற வீடாக இருந்தால், கடந்த 12 மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை 100 என்று எடுப்பது என் வழக்கம். நல்ல மாதத்தில் மிஞ்சுவதை அடுத்த மோசமான மாதத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். என்னிடம் வந்தபோது அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது. வாடகை 24, மளிகை காய்கறி 16, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, போன் எல்லாம் சேர்த்து 5, போக்குவரத்து 5, வண்டித் தவணை 5. ஆக தேவை 55. ஆசைக்கு 25, சேமிப்புக்கு 20. கூட்டினால் 100, பார்க்க அழகாகவே இருந்தது. சம்பளம் வந்த அன்றே 20 பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றியும் வந்தார்கள். வருடம் முழுக்க அப்படி மாற்றியிருந்தால் 240 பங்கு சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இருந்ததோ 60.

"மீதி எங்கே போனது?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் தன்னைச் சந்தேகப்படுகிறாரோ என்ற எண்ணம் அவருக்கு. சேமிப்புக் கணக்கின் 12 மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பணம் வெளியே போன ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் எதற்காக என்று பென்சிலால் எழுதச் சொன்னேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 60 பங்கு. காப்பீட்டு பிரீமியம் 36. வண்டிக்கு டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 18. பல் மருத்துவம், கண்ணாடி என்று 12. வீட்டில் ரிப்பேர், பழுதான ஒரு சாதனத்தை மாற்றியது 12. உறவினர் வீட்டு விசேஷங்கள், அன்பளிப்பு, ஒரு வெளியூர்ப் பயணம் எல்லாம் சேர்த்து 42. கூட்டிப் பார்த்தால் 180.

180-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 15. அதாவது, சேமிப்பு என்று பெயர் எழுதி ஒதுக்கிய 20-ல் 15 பங்கு உண்மையில் செலவுக்காகக் காத்திருந்த பணம். நிஜமான சேமிப்பு 5 மட்டும்தான். யாரும் எதையும் மறைக்கவில்லை, ஊதாரித்தனமும் நடக்கவில்லை. இதைத் தாளில் பார்த்ததும் அந்த வீட்டில் பல மாதமாக இருந்த ஒரு கசப்பு நீங்கியதை நான் நேரில் பார்த்தேன். அதனால்தான் பட்ஜெட் என்று யார் கேட்டாலும், மாதச் செலவை விட்டுவிட்டு முதலில் வருடச் செலவைத்தான் எழுதச் சொல்கிறேன்.

அந்த 180-ஐயும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பள்ளி, காப்பீடு, வண்டி, மருத்துவம், ரிப்பேர் ஆகிய ஐந்தும் தேவை. அவை 138, மாதத்துக்கு 11.5. விசேஷமும் பயணமும் ஆசைப் பக்கம். அவை 42, மாதத்துக்கு 3.5. இப்போது தாளைத் திருத்தினால் தேவை 66.5, ஆசை 28.5, சேமிப்பு 5. இதுதான் அந்த வீட்டின் உண்மையான பிரிப்பு. 55-25-20 என்று நினைத்துக்கொண்டு 66.5-28.5-5-ல் வாழ்ந்திருக்கிறார்கள். (உறவினர் விசேஷத்துக்குச் செய்வது ஆசையா என்று அந்தக் கணவர் கேட்டார். போவது கடமையாக இருக்கலாம். எவ்வளவு செய்வது என்பது நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதை ஆசைப் பக்கம் வைத்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.)

அடுத்து, தேவை என்று எழுதியதெல்லாம் தேவைதானா என்று பார்த்தோம். இதற்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன்: நாளை வருமானம் நின்றுபோய் மூன்று மாதம் சமாளிக்க வேண்டும் என்றால், இதை அப்போதும் கட்டியாக வேண்டுமா? வாடகை, அடிப்படை உணவு, மின்சாரம், பள்ளிக் கட்டணம், கடன் தவணை எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் பதில் வரும். சந்தாக்களுக்கு வராது. சிக்கல் என்னவென்றால், ஒரே பில்லுக்குள் இரண்டும் கலந்து கிடக்கும். மளிகைதான் இதில் பெரிய ஆள்.

அந்த வீட்டின் மூன்று மாத மளிகை பில்களை மேசையில் பரப்பினோம். இரண்டு நிறப் பேனா. அரிசி பருப்பு போன்ற அன்றாடப் பொருள்களுக்கும் சோப்பு வகைகளுக்கும் நீலம். நொறுக்குத் தீனி, குளிர்பானம், இரண்டாவது வாசனைத் தைலம், கடையில் பார்த்ததும் கூடையில் விழுந்தவை எல்லாவற்றுக்கும் சிவப்பு. பையனும் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டான். சிவப்பைக் கூட்டினால் 16-ல் 3 பங்கு வந்தது. போன், இணையத்துக்கு அவர்கள் எடுத்திருந்த பெரிய திட்டத்துக்கும் அவர்கள் பயன்பாட்டுக்குப் போதுமான சிறிய திட்டத்துக்கும் வித்தியாசம் 1 பங்கு. இந்த 4-ஐயும் தேவையிலிருந்து ஆசைக்கு மாற்றினோம். இப்போது தேவை 62.5, ஆசை 32.5, சேமிப்பு 5.

இதுவரை அவர்கள் ஒரு செலவைக்கூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்த இடத்தை மட்டும் சரியாகக் குறித்தோம். இந்த வேலையை முடிக்காமல் குறைக்க ஆரம்பித்தால், குறைக்கவே முடியாத இடத்தில் கைவைத்துவிட்டு இரண்டு மாதத்தில் சலித்துப்போவோம்.

குறைக்கும் இடம் என்று பார்த்தால் ஆசையின் 32.5-தான். அதில் வெளியில் சாப்பிடுவதும் வரவழைத்துச் சாப்பிடுவதும் 12, துணிமணியும் ஆன்லைனில் வாங்குவதும் 7, கணவன் மனைவி கைச்செலவு ஆளுக்கு 2 வீதம் 4, வருட விசேஷமும் பயணமும் 3.5, மளிகையில் வந்த சிவப்பு 3, சந்தாக்கள் 2, போன் திட்டத்தின் கூடுதல் 1. பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவதைவிட, பெரிய இரண்டு மூன்று இடத்தில் கைவைப்பது நிலைக்கும். கிள்ளுகிற முறையில் தினமும் பத்துத் தடவை மனதை அடக்க வேண்டியிருக்கும், யாராலும் ஆகாது. அவர்கள் சாப்பாட்டில் 12-ஐ 8 ஆக்கினார்கள். வாங்குவதில் 7-ஐ 5 ஆக்கினார்கள். யாரும் பார்க்காத சந்தாக்களை நிறுத்தி 2-ஐ 1 ஆக்கினார்கள். ஆக 7 பங்கு கிடைத்தது. ஆசை 25.5, சேமிப்பு 12.

கைச்செலவு 4-ல் தொடவே வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். ஆளுக்கு 2 பங்கு, எதற்கு என்று மற்றவர் கேட்கக் கூடாது. கேள்வி கேட்கப்படாத கொஞ்சம் பணம் இருவர் கையிலும் இல்லாவிட்டால், செலவுகள் மறைவில் நடக்க ஆரம்பிக்கும். மறைத்த செலவு பட்ஜெட்டில் வராது. உங்கள் கணவர் "ஒத்துவராது" என்று சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று ஒரு தடவை பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த வருடச் செலவு 15-ஐ எங்கே வைப்பது என்று பார்ப்போம். சேமிப்போடு சேர்த்து வைக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்து 'வருடச் செலவு' என்று பெயர் வையுங்கள். அதிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டும்போது சேமிப்பை உடைத்தோமே என்ற குற்ற உணர்வு வராது. அந்தப் பணம் அதற்காகவே சேர்ந்தது. சேமிப்புக் கணக்கில் கைவைக்க வேண்டி வந்தால், அது உண்மையிலேயே எச்சரிக்கை மணி என்று தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒரே கணக்கில் கிடந்தால் அந்த மணி நம் காதில் விழாது.

இந்தக் கணக்கைத் தொடங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. மாதம் 15 போட்டால் வருடக் கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும், ஆனால் பில்கள் நம் வசதிக்குக் காத்திருக்காது. அந்த வீட்டில் நாங்கள் தொடங்கிய மாதத்தை 1 என்று வைத்து எண்ணினோம். மூன்றாவது மாதம் பிரீமியம் 36. அதற்குள் 45 சேர்ந்திருக்கும், கட்டிவிட்டால் மீதி 9. நாலாவது மாதம் அது 24, ஐந்தாவது மாதம் 39, ஆறாவது மாதம் 54. அந்த ஆறாவது மாதம்தான் பள்ளிக் கட்டணம் 60. ஆறு பங்கு பற்றாக்குறை! இது முன்கூட்டியே தெரியாமல் இருந்திருந்தால், சரியான பட்ஜெட்டாக இருந்தும் ஆறாவது மாதத்தில் குலைந்துபோயிருக்கும். தெரிந்ததால், இருந்த 60 பங்கு சேமிப்பிலிருந்து 6-ஐ முதல் நாளே வருடச் செலவுக் கணக்கில் போட்டோம். அதன் பிறகு எட்டாவது மாதம் வண்டிக்கு 18, பத்தாவது மாதம் பயணத்துக்கும் விசேஷத்துக்கும் 42, கடைசி இரண்டு மாதத்தில் ரிப்பேரும் மருத்துவமும் 12, 12 என்று வைத்துப் பார்த்தால் எங்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. வருட முடிவில் அந்த 6 அப்படியே மிஞ்சியது.

நீங்களும் ஒரு தாளில் 12 கட்டம் போட்டு, எந்த மாதம் எது வரும் என்று எழுதி, மாத ஒதுக்கீட்டைக் கூட்டிக் கழித்துக்கொண்டே வாருங்கள். எந்தக் கட்டத்தில் அதிகமாகக் கீழே இறங்குகிறதோ, அவ்வளவுதான் நீங்கள் முதலிலேயே போட வேண்டிய தொகை. அவ்வளவு கையில் இல்லையென்றால், முதல் சில மாதம் சேமிப்புப் பங்கையும் இதற்கே திருப்பி விடுங்கள். ரிப்பேர், மருத்துவம் போன்றவற்றுக்குத் தேதி கிடையாது. அவற்றைப் போன வருடத் தொகையை வைத்து எழுதுங்கள், அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம்.

பணம் நகரும் வரிசையும் முக்கியம். சம்பளம் வந்த மறுநாளே மூன்று மாற்றங்கள் தானாக நடக்கும்படி வங்கியில் சொல்லி வைத்தார்கள்: வருடச் செலவுக் கணக்குக்கு 15, சேமிப்புக்கு 12, ஆசைச் செலவுக்கான தனிக் கணக்குக்கு 22. (ஆசை 25.5-ல் 3.5 ஏற்கெனவே வருடச் செலவுக்குள் போய்விட்டது.) மிஞ்சும் 51 முதல் கணக்கிலேயே தங்கி வாடகை, மளிகை, தவணை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். தினமும் செலவு எழுதும் பழக்கம் இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை நம்பி நான் பட்ஜெட் போடுவதில்லை. ஆசைக் கணக்கில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று போனில் பார்த்தாலே போதும். 20-ம் தேதி அதில் 2 பங்குதான் இருக்கிறது என்றால், அந்த மாதம் வீட்டுச் சாப்பாடு.

கிரெடிட் கார்டு வைத்திருந்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள். கார்டில் செலவு செய்த அன்றே அது செலவுதான், பில் கட்டும் நாளில் இல்லை. பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறீர்கள் என்றால், வரவுக்கு மேல் வாழ்கிறோம் என்று அர்த்தம். தாள் என்ன சொன்னாலும் சரி. குறைந்தபட்சத் தவணைகளைத் தேவைப் பக்கம் எழுதுங்கள். அதற்கு மேல் கடனை அடைக்கப் போடுவதைச் சேமிப்புப் பக்கம் எழுதுங்கள். கார்டுக் கடன் பாக்கி இருந்தால், ஒரு மாதத் தேவை அளவுக்குக் கையிருப்பு சேர்ந்ததும் சேமிப்புப் பங்கு முழுவதையும் அந்தக் கடனுக்கே திருப்புவதுதான் என் ஆலோசனை. அந்த வட்டியைவிட அதிகமாக எந்தச் சேமிப்பும் உங்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

அந்த வீட்டில் கார்டுக் கடன் இல்லை. ஆகவே சேமிப்பு 12-ஐ அவசரக் கையிருப்புக்கு விட்டோம். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கும் இந்தப் பங்குகளே பதில் சொல்லும். மாதத் தேவை 62.5, மூன்று மாதத்துக்கு 187.5. பழைய சேமிப்பில் மிஞ்சிய 54-ஐக் கழித்தால் இன்னும் 133.5. மாதம் 12 வீதம் என்றால் 11 மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல். எட்டாவது மாதத்தோடு வண்டித் தவணை முடிய இருந்தது. தவணை முடியும் மாதம்தான் பல வீடுகளில் வாய்ப்பு கைநழுவிப்போகிற மாதம். விடுபட்ட பணம் சத்தமில்லாமல் ஆசைக்குள் கரைந்துவிடும், இரண்டு மாதம் கழித்து அது எங்கே என்றே தெரியாது. அதனால் தவணை முடியும் முன்பே, சேமிப்புக்குப் போகும் மாற்றத்தை 12-லிருந்து 17 ஆக்கிவைக்கச் சொன்னேன். ஒன்பதாவது மாதத்திலிருந்து அவர்கள் பிரிப்பு: தேவை 57.5, ஆசை 25.5, சேமிப்பு 17. பத்தாவது மாதத்திலேயே, முதலில் குறித்த 187.5-க்கு 3.5 பங்குதான் பாக்கி. அந்த வாடகையில், பிள்ளைகள் படிக்கும் காலத்தில், இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்று நானே நிறுத்தச் சொன்னேன். 50-30-20-க்கு அவர்கள் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இப்போதைக்கு இல்லை.

உங்கள் வீட்டில் 60-க்கு மேல் என்று சொன்னீர்களே, அது வருடச் செலவைச் சேர்த்த எண்ணா, சேர்க்காத எண்ணா என்று முதலில் பாருங்கள். சேர்க்காமலேயே 60 என்றால், சேர்த்தபின் 70-ஐத் தாண்டலாம். பயப்பட வேண்டாம், பில்களைச் சிவப்பு நீலம் பிரித்தபின் கொஞ்சம் இறங்கும். எல்லாம் பிரித்த பிறகும் 75-க்கு மேலேயே நிற்கிறது என்றால், ஆசையில் கிள்ளி அதைச் சரிசெய்ய முடியாது. அங்கே கேள்வி வேறு: வாடகை, கடன் தவணை, பள்ளி இந்த மூன்றில் எது நம் வருமானத்துக்கு மிஞ்சியது? இவை ஒரே மாதத்தில் மாறக்கூடிய விஷயங்கள் கிடையாது. வீட்டு ஒப்பந்தம் முடியும் தேதி, கடன் முடியும் தேதி, பிள்ளைகளின் அடுத்த கல்வியாண்டு ஆகிய மூன்றையும் அந்த 12 கட்டத் தாளிலேயே குறித்து வையுங்கள். அதுவரைக்கும் சேமிப்பு 3 பங்கோ 5 பங்கோ இருந்தாலும் பரவாயில்லை, நிற்காமல் இருக்கட்டும்.

தொடங்கும் மாதம் மளிகைக்கு ஒதுக்கியது பத்தாமல் போகும், பெரும்பாலும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பற்றாக்குறையை ஆசைக் கணக்கிலிருந்து எடுங்கள், வருடச் செலவுக் கணக்கிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து மளிகைச் செலவு ஒதுக்கியதைத் தாண்டினால், நீங்கள் எழுதிய எண்தான் தப்பு. அதை உயர்த்தி எழுதுங்கள்.

இந்த வாரம் நீங்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்றுதான். கடந்த 12 மாதத்தில் சேமிப்பிலிருந்து பணம் எடுத்த தேதிகளை ஸ்டேட்மென்ட்டில் தேடி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எதற்காக என்று எழுதுங்கள். கூட்டுத்தொகையை 12-ஆல் வகுத்து வரும் எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த மாதம் எந்தப் பில் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதினால், உங்கள் 12 கட்டத்தை நானே போட்டுப் பார்த்து, முதல் நாள் எவ்வளவு போட வேண்டும் என்று பதில் எழுதுகிறேன்.